87,900 கோடியும் வாசலோரத்து மோட்டாரும்

வெளியாட்களிடம் என் தொழிலை 'அக்ரி டெக்' என்பேன். அப்பா, 'மோட்டார் ஸ்டார்ட்டர் விக்கிறான்' என்பார். அப்பா சொல்வதுதான் சரி. கிணற்று மோட்டாரை செல்போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்கிறோம். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் டார்ச் லைட்டோடு வயலுக்குப் போக வேண்டாம். ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டார் எரிவதற்குள் பெட்டியே நிறுத்திவிடும். இது ஒன்றும் புதுச் சரக்கில்லை. 'நானோ கணேஷ்' என்ற பெயரில் புனேயிலிருந்து பல வருடங்களுக்கு முன்பே விற்கத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் செய்த புதுமை, சந்தையைக் கணக்குப் போட்டதில்தான் இருந்தது.

முதலீட்டாளரைப் பார்க்கப் போகிறவர்கள் மூன்று எண்களைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். டாம், சாம், சோம் என்பார்கள். இந்தப் பொருள் தேவைப்படக்கூடிய எல்லோரும் வாங்கினால் வரும் மொத்தச் சந்தை முதலாவது. அதில் நம் பொருளும் நம் ஆட்களும் எட்டக்கூடியது இரண்டாவது. போட்டியையும் நம் கைபலத்தையும் பார்த்தால் உண்மையில் கிட்டக்கூடியது மூன்றாவது.

மொத்தச் சந்தையை நான் ஒரு மதியத்தில் முடித்துவிட்டேன். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலப்பிடிப்புகள் சுமார் 14.65 கோடி. பெட்டியின் விலை 6,000 ரூபாய். பெருக்கினால் 87,900 கோடி. கால்குலேட்டர் திரையைப் போட்டோ எடுத்து கூட்டாளிக்கு அனுப்பினேன். 'அதில் வெறும் ஒரு சதவீதம் பிடித்தாலே 879 கோடி' என்று பதில் போட்டான். அந்த 'வெறும்' எங்கள் இருவருக்கும் ரொம்பப் பிடித்திருந்தது. எந்த ஒரு சதவீதம், எந்த ஊரில், யார் போய் விற்பது என்ற கேள்வி எதுவும் அன்றைக்கு எழவில்லை.

கேள்வி கேட்டவர் முதலீட்டாளர். விவசாயக் குடும்பத்துக்காரர். 'எங்க தாத்தா கம்பு விதைச்ச மானாவாரி நிலத்தையும் இதுல சேர்த்திருக்கீங்களா தம்பி?' என்றார். சேர்த்திருந்தேன். கிணறே இல்லாத நிலத்துக்கும் ஸ்டார்ட்டர் விற்றிருந்தேன். கால்வாய்ப் பாசனத்துக்கும் விற்றிருந்தேன்.

சரி என்று தமிழ்நாட்டுக்கு இறங்கினேன். அதே கணக்கெடுப்பில் இங்கே நிலப்பிடிப்புகள் 79 லட்சத்துக்கு மேல். ஆனால் விவசாய மின் இணைப்புகள் சுமார் 23 லட்சம்தான். என் பெட்டிக்கு வேலை கொடுப்பது நிலம் இல்லை, மின் இணைப்பு. எதை எண்ண வேண்டும் என்பதிலேயே தப்பு செய்துவிட்டு, பெருக்கலில் மட்டும் தசம ஸ்தானம் வரை கவனமாக இருந்திருக்கிறேன். 23 லட்சத்தை 6,000-ஆல் பெருக்கினால் 1,380 கோடி. இதுவும் மரியாதையான தொகைதானே என்று மறுபடி போய் உட்கார்ந்தேன்.

'இது வருஷா வருஷம் வர்ற பணமா, ஒரே தடவை வர்றதா?'

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. ஊரிலுள்ள கிணறு அத்தனைக்கும் ஒரே நாளில் பெட்டி மாட்டினால்தான் 1,380 கோடி. மறுநாள் கடையைச் சாத்த வேண்டியதுதான். சந்தையின் அளவு என்றால் ஒரு வருடத்தில் எவ்வளவு வாங்குவார்கள் என்பதுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டார்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு யாரும் புதிது மாட்டுவதில்லை. பழையது கருகும்போதோ, மோட்டாரை வைண்டிங்குக்குக் கழற்றும்போதோதான் பர்ஸ் திறக்கும். ஒரு ஸ்டார்ட்டர் ஏழு வருடம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 3.3 லட்சம் இணைப்புகளில்தான் வாங்கும் சமயமே வருகிறது. அந்த 6,000-மும் முழுதாக நம் கைக்கு வராது. கடைக்காரர் லாபம், மாட்டிக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன் பங்கு எல்லாம் போக 4,200 வந்தால் பெரிது. ஆக 138 கோடி. 1,380-இல் ஒரு சைபர் காணாமல் போனது போலத்தான் தெரியும். ஏழால் வகுத்ததும் விலையில் குறைத்ததும் சேர்ந்து சரியாகப் பத்தில் ஒன்றாக்கியிருந்தன.

இதுவரை செய்ததெல்லாம் மேலிருந்து கீழ் இறங்கும் கணக்கு. ஒரு பெரிய எண்ணை எடுத்துச் சலித்துக்கொண்டே வருவது. இதில் உள்ள சௌகரியம், நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. கீழிருந்து மேல் ஏறும் கணக்குக்குக் கிணற்றடிக்குப் போக வேண்டும். எங்கள் பட்டறை கோயம்புத்தூரில் இருப்பதால் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 40 கிணறுகளைப் பார்ப்பது என்று கிளம்பினோம்.

முதல் தோட்டத்திலேயே அடி விழுந்தது. 'ராத்திரி மோட்டார் போட நடக்க வேண்டாமுங்க' என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா வாசலில் வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தார். 'எங்க கண்ணு நடக்கறது? அதாம் பாரு மோட்டாரு' என்று கையை நீட்டினார். வாசலிலிருந்து பத்தடி. கொங்கு நாட்டில் விவசாயி ஊருக்குள் இருப்பதில்லை, தோட்டத்துச் சாளையிலேயே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? என் அம்மா பிறந்ததே அப்படி ஒரு வீட்டில்தான். எக்செல் ஷீட்டைத் திறந்ததும் அது மறந்துபோனது.

பேச்சை மாற்றி, 'கரன்ட்டு மிச்சமாகுமுங்க' என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். வேறு மாநிலத்துக் கம்பெனி ஒன்றின் விளம்பரத் தாளிலிருந்து அந்த வரியைச் சுட்டிருந்தேன். சுட்டவன் ஊரைப் பார்த்துச் சுட்டிருக்கலாம்.

40 கிணறுகளின் முடிவு இது. 22 பேர் கிணற்றை ஒட்டியே குடியிருந்தார்கள். 9 பேர் ஆட்டோ ஸ்விட்ச் போட்டிருந்தார்கள். மும்முனை வந்தவுடன் மோட்டாரைத் தானே கிளப்பிவிடும் சின்ன சாமான் அது, எங்கள் பெட்டியை விட மிகவும் மலிவு. தண்ணீர் வீணாகாதா என்று கேட்டால், 'தொட்டிக்குத்தானுங்க போவுது' என்றார்கள். போட்டியாளர் பட்டியலில் நான் நாலைந்து ஸ்டார்ட்டப் பெயர்களை எழுதியிருந்தேன். நிஜமான போட்டி இந்த ஆட்டோ ஸ்விட்ச்தான், அது என் பட்டியலிலேயே இல்லை. பெட்டி வேண்டியிருந்தும் 3 கிணற்றடியில் சிக்னல் இல்லை. இதில் கூத்து, முதலில் என் போனைப் பார்த்து 'சிக்னல் பிரமாதம்' என்று குறித்திருந்தேன். என் போனில் இருப்பது 4ஜி ஜியோ. பெட்டிக்குள் விலை குறைவு என்று நாங்களே பார்த்து வாங்கிப் போட்டது 2ஜி மோடம், அதற்கு ஜியோ சிம் வேலையே செய்யாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோதித்த பிறகுதான் அந்த மூன்றும் பிடிபட்டன.

மிச்சம் 6. டவுனில் குடியேறிவிட்டு, தோட்டத்தை ஆளை வைத்துப் பார்ப்பவர்கள். வேலையாள் மோட்டார் போட்டானா இல்லையா என்பதுதான் அவர்களுடைய தினசரிக் கவலை. பெட்டியைக் காட்டியதும் விலையைக் கேட்டவர்களும் இவர்கள்தான். 40-க்கு 6 என்றால் 15 சதவீதம். எட்டக்கூடிய சந்தை என்று இத்தனை நாள் நான் எழுதிவைத்திருந்தது 'மேற்கு மாவட்டங்கள்' என்ற இரண்டு வார்த்தை. வரைபடத்தில் கோடு கிழிப்பதல்ல அது, யாருக்கு இந்தத் தொல்லை நிஜமாக இருக்கிறது, அவர் கிணற்றடியில் நம் பொருள் ஓடுமா என்று சலித்தெடுப்பது.

இனி கிட்டக்கூடியது. ஒரு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் கீழ் 2,000 விவசாய இணைப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 15 சதவீதம் 300. ஏழு வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் சமயம் என்றால் வருடத்துக்கு 43. அந்த 43 பேரும் முதலில் போய் நிற்கும் இடம் மோட்டார் வைண்டிங் கடை. அங்கே அண்ணன் எதைக் கைகாட்டுகிறாரோ அதுதான் விலை போகும். அவரிடம் எங்கள் செயலியின் அழகைக் காட்டினேன். 'இடி விழுந்து போர்டு போச்சுன்னா ராத்திரி எனக்குத்தான் போன் வரும். நீங்க வருவீங்களா?' என்றார். எலி ஒயரைக் கடிப்பதும், சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்துபோவதும் அவர் கணக்கில் ஸ்டார்ட்டர் ரிப்பேர்தான். கெட்டுப்போன போர்டை மறுநாளே மாற்றித் தருவதாகச் சொன்ன பிறகு, மூன்று பேர் வந்தால் ஒருவருக்கு எங்களுடையதைச் சொல்கிறேன் என்றார். வருடத்துக்கு 14 பெட்டி. 4,200-ஆல் பெருக்கினால் 58,800 ரூபாய். இதேபோல 50 பிரிவுகளைப் பிடித்தாலும் 30 லட்சத்தைத் தொடாது. மறுநாள் போர்டு மாற்றிக் கொடுக்கும் ஆளுக்குச் சம்பளமும் பெட்ரோலும் இதிலிருந்துதான்.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேலிருந்து வந்த 138 கோடியில் அந்த 15 சதவீதத்தைப் போட்டால் 20 கோடிச் சொச்சம். கீழிருந்து ஏறியது 30 லட்சத்துக்குள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒன்றைச் சராசரி எடுத்து நடுவில் வைப்பது என் பழக்கம். கூட்டாளி கொஞ்சம் பொறுப்பானவன், வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தான். மூன்றில் ஒரு பங்கு என்று வைண்டிங் கடை அண்ணன் சொன்னது ஒரு காரணம். 23 லட்சம் எங்கே, எங்கள் 50 பிரிவின் ஒரு லட்சம் எங்கே என்பது இன்னொன்று. இவை இரண்டும் தெரிந்த விஷயம்தான், கணக்கில் ஓட்டை இல்லை. ஓட்டை இருந்தது அந்த 15 சதவீதத்தில். ஒரே ஒரு கிராமத்தில், அதுவும் விவசாயி தோட்டத்திலேயே குடியிருக்கும் நாட்டில் எடுத்த எண்ணை மாநிலத்துக்கே பூசியிருந்தோம். வீடெல்லாம் ஊருக்குள் நெருங்கியிருந்து, கிணறு தூரத்தில் இருக்கும் பகுதிகளில் அது எவ்வளவோ கூடும். சுருக்கமாகச் சொன்னால், நடக்க வேண்டிய தேவையே இல்லாதவர்களிடம் போய் நடக்க வேண்டாம் என்று விற்றிருக்கிறோம். காரணம், பட்டறை வாடகை அங்கே குறைவு.

ஆகவே திருவண்ணாமலைப் பக்கம் போனோம். நினைத்தது போலவே வீடு ஊரில், கிணறு தூரத்தில். முதல் ஆளே, 'இது வந்தா ராத்திரி தூங்கலாமேப்பா' என்றார். கூட்டாளி ஷீட்டைத் திறந்து 15-ஐ அழித்துவிட்டு 50 என்று அடிக்கப் போனான். அதற்குள் அவர் சொன்னார், 'ஆனா கிணறு பங்குக் கிணறு. அண்ணன் தம்பி நாலு பேரு, முறை வெச்சு எறைக்கிறோம்.' இணைப்பு ஒன்று, பெட்டி ஒன்று, வாங்க வேண்டியவர் நாலு பேர். ஆளுக்கு 1,500 போடுவார்களா என்று கேட்டேன். பணம் போடுவதில் பிரச்சினை இல்லையாம். பெட்டியில் யார் நம்பரைப் போடுவது என்பதில்தான் பிரச்சினை. அடுத்தவன் முறையில் ஒருத்தன் வீட்டிலிருந்தபடியே மோட்டாரை நிறுத்திவிட்டால்?

எங்கள் பெட்டியில் ஒரு நம்பருக்குத்தான் இடம். கூட்டாளி 50-ஐ அடிக்காமல், ஷீட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்தான்: 'ஒரு இணைப்புக்கு எத்தனை பங்காளி?' அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.