வளர்ச்சி விகிதம்

தேர்தல் முடிவை எக்செல்லிலிருந்து அட்டவணையாக்கும் அன்பர்களே, வெறும் இடங்களைப் போட்டால் யார் படிப்பார்கள்? ‘வளர்ச்சி %’ என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். புதுச்சேரியில் 2016-இல் 1 இடமும் 2021-இல் 6 இடமும் பிடித்த சுயேச்சைகளுக்கு 500 சதவீதம்! 2-இலிருந்து 6-க்கு வந்த தி.மு.க.வுக்கு 200. பூஜ்யத்திலிருந்து 6-க்கு வந்த பா.ஜ.க.வின் கட்டத்தில் `#DIV/0!` என்று வரும். அழிக்காதீர்கள், ஆச்சரியக்குறியெல்லாம் போட்டு எவ்வளவு உற்சாகமாக இருக்கிறது! இறங்குவரிசையில் அடுக்கினால் உச்சியில் நிற்பதும் அதுதான். கீழே ‘சுயேச்சைகள் அமோகம்’ என்று நாலு வரி எழுதினால் வேலை முடிந்தது. ஒரு எண்கூடப் பொய்யில்லை.

8-இலிருந்து 10-க்கு, வெறும் 25 சதவீதம் நகர்ந்த என்.ஆர். காங்கிரஸை என்ன செய்வது? அடிக்குறிப்பில் தள்ளுங்கள். 30 இடங்களில் அதிகம் பிடித்தது அவர்கள்தான், ரங்கசாமிதான் முதல்வரானார்.