அன்புள்ள பெற்றோரே

ஜூனில் பள்ளி திறக்கிறது. ஒன்றாம் வகுப்புக்குப் போகும் மகளின் புது வகுப்பாசிரியை வாட்ஸ்அப்பில் வரவேற்புக் கடிதம் அனுப்பியிருக்கிறார். நான்கு பக்கம். முதல் வரி நெஞ்சைத் தொட்டது: "உங்கள் செல்லத்தின் மகிழ்ச்சியே எங்கள் இலக்கு." இரண்டாம் வரியிலிருந்து பட்டியல்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. பள்ளி அதை எழுத்துப் பிசகாமல் மதிக்கிறது. எங்கள் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடமே கிடையாது. 'வீட்டுச் செயல்பாடு' மட்டும்தான். முதல் வாரத்துக்குத் தெர்மாக்கோலில் ஒரு கலங்கரை விளக்கம். உச்சியில் பல்பு எரிய வேண்டும். "பெற்றோர் உதவக் கூடாது" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. ஆறு வயதுக்காரி ஒயரைப் பற்றவைக்கும் வரை காத்திருக்க முடியாதென்று, இரவு பதினொன்றரை மணிக்கு உதவாமல் நானே செய்து முடித்தேன்.

பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசு அதே ஆண்டு விட்ட சுற்றறிக்கை. அதிலும் குறையில்லை. பை சரியாக ஒன்றரைக் கிலோ. மிச்சமுள்ள நோட்டுகளைத் தனியாக ஒரு கட்டைப்பையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கட்டைப்பையைப் பற்றி அரசு ஒன்றும் சொல்லவில்லையே!

இவ்வளவு அக்கறைக்கு நன்றி சொல்லப் போன் செய்தேன். பின்னணியில் ஒரு பையன் அழுதுகொண்டிருந்தான்.

"சாரி சார், என் பையன் ஸ்கூல்லேர்ந்தும் லெட்டர் வந்திருக்கு. தெர்மாக்கோல் எங்க கிடைக்கும்?"

என்னிடம் ஒரு ஷீட் மிச்சமிருந்தது. கொடுத்தனுப்பினேன்.