கடைசியாகக் குளிப்பவர் கவனத்திற்கு

கேமரன் மலையில் மின்சாரச் சிக்கனம் பேசுவது கஷ்டமான காரியம். கோலாலம்பூர்க்காரரிடம் "ஏர்கோனை அடைங்க" என்று சொன்னால் போதும், வேலை முடிந்தது. எங்கள் தோட்டத்து வீடுகளில் ஏர்கோன் கிடையாது. காற்றாடி வாங்கினாலே, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கும் மேலே, இராத்திரி பதினாறு பதினேழு டிகிரியில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறவனை எதை அணைக்கச் சொல்வது?

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்டது அதைத்தான். இரவில் அணைக்கும் ஒரே ஒரு பழக்கத்தை வைத்து, வீடுகளுக்கு ஒரு சிக்கன வாசகம் வேண்டும். தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவன் நான். ஸ்டோர் கதவு முதல் கழிப்பறைக் கதவு வரை எதுகை மோனையோடு எழுதி ஒட்டி, யாரையும் எதையும் செய்ய வைக்காத அனுபவம் எனக்கு நிறைய உண்டு. ஆகவே உடனே ஒப்புக்கொண்டேன்.

"ஒளியை அணைப்போம், ஒளிமயமான நாளை படைப்போம்" என்று எழுதி மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"எந்த லைட்டைங்க?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். எங்கள் கூடத்தில் எரிவது 9 வாட் எல்.இ.டி. தினமும் ஒரு மணி நேரம் அணைக்க மறந்தாலும் மாதத்துக்குக் கால் யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். காசாகப் பார்த்தால் ஐந்து, ஆறு காசு. சுவரில் சும்மா மாட்டியிருக்கும் போன் சார்ஜர் அதைவிட ஏழை. இவற்றை அணைத்து நாளையைப் படைப்பதென்றால் நாளை ரொம்பச் சின்னதாக இருக்கும்.

எனக்கு முன்பே இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட பெரிய மனிதர் ஒருவர் உண்டு. 1973-74 குளிர்காலத்தில் பிரிட்டனில் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் தட்டுப்பாடு. "ஏதாவதொன்றை அணையுங்கள்" என்று அரசாங்கம் பிரசாரம் செய்தது. எரிசக்தித் துறை அமைச்சர் பேட்ரிக் ஜென்கின் இன்னும் ஒரு படி மேலே போய், இருட்டிலேயே பல் துலக்கலாமே என்று 1974 ஜனவரியில் மக்களுக்கு யோசனை சொன்னார். பத்திரிகைக்காரர்கள் நேராக அவர் வீட்டுக்குப் போய், விளக்கெல்லாம் எரிய ஜொலித்துக்கொண்டிருந்த வீட்டைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஊர் சிரித்தது. எனக்கென்னவோ அவர் விளக்கைவிட அந்த வாசகத்தின் மேல்தான் கோபம். "ஏதாவதொன்று" என்றால் அவரவர் தனக்கு வலிக்காத ஒன்றைத்தான் அணைப்பார்.

எங்கள் அப்பா காலத்துத் தோட்டங்கள் பலவற்றில் இந்தத் தொல்லையே இருந்ததில்லை. தோட்டத்து எஞ்சின் இராத்திரி குறிப்பிட்ட நேரத்தில் நிற்கும். லயம் முழுக்க இருட்டாகிவிடும். வாசகமும் கிடையாது, பரிசளிப்பு விழாவும் கிடையாது.

சரி, எங்கள் வீட்டில் எதுதான் தின்கிறது என்று பார்க்க மீட்டரிடம் போனேன். படுக்கும்போது ஒரு ரீடிங், விடிந்ததும் ஒரு ரீடிங். எல்லாரும் தூங்கிய வீட்டில் ஐஸ்பெட்டி மட்டும்தான் விழித்திருக்க வேண்டும்; அதற்கு அரை யூனிட் போனால் அதிகம். எங்கள் மீட்டரோ இரண்டு யூனிட் ஓடியிருந்தது. குளியலறைப் பக்கம் போய் நின்றேன். உள்ளே ஆள் இல்லை, ஆனால் சுடுதண்ணீர்த் தொட்டியின் சிவப்பு விளக்கு 'டக்' என்று எரிந்தது, கொஞ்ச நேரத்தில் அணைந்தது. வெகுநேரம் கழித்து மறுபடியும் 'டக்'. தண்ணீர் ஆற ஆற, அது சுடவைத்துக்கொண்டே இருக்கிறது. ரிங்லெட்டில் 1963-இல் அணை கட்டி, மலைத் தண்ணீரை மின்சாரமாக்குகிறார்கள். நாங்கள் அந்த மின்சாரத்தை வாங்கி யாருமே குளிக்காத தண்ணீரைத் தாலாட்டிக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீர் ஓடும்போது மட்டும் சூடாக்கும் சின்ன ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. குழாயை மூடினால் அதன் பசியும் அடங்கிவிடும். எங்களுடையது 25 லிட்டர் தொட்டி. 18 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 1.2 யூனிட் வேண்டும். அப்படியே விட்டுவைத்தால், தொட்டியின் சுவர் வழியாகக் கசியும் சூட்டை ஈடுகட்ட நாளுக்கு ஒரு யூனிட்டை ஒட்டிப் போகும்.

இரவில் ஹீட்டரை அணைத்தால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் மிச்சம் என்று நான் வாசகத்தில் முழங்கத் தயாரானபோது, ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் குறுக்கே வந்தாள்.

"அப்பா, அந்த 1.2 மிச்சமில்லப்பா. நாளைக்குக் குளிக்கிறப்ப எப்படியும் சுட வைக்கணும்ல? கசியிறது மட்டும்தான் மிச்சம்."

அதோடு விட்டாளா? குளித்து முடித்துவிட்டு அணைப்பதே வீண் என்றாள். நாம் குளிக்கக் குளிக்க உள்ளே பச்சைத் தண்ணீர் நிரம்பும், ஹீட்டர் அதையும் சுடவைக்கத் தொடங்கிவிடும். துண்டைத் தேடி, தலை துவட்டி, வெளியே வந்து அணைப்பதற்குள் பாதி சூடாகியிருக்கும். அந்தச் சூடு இராத்திரி முழுக்கக் கசியும். ஆகவே கடைசி ஆள் உள்ளே போகும் முன்பே அணைத்துவிட வேண்டும். தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் சுடுதண்ணீர் ஒருவருக்குத் தாராளம். பச்சைத் தண்ணீரோடு கலந்தால் நாற்பது லிட்டர் அளவுக்கு வரும், ஷவரில் ஆறு நிமிடம். சுவிட்சும் குளியலறைக்கு வெளியேதான் இருக்கிறது; ஈரக்கையால் தொடும் ஆபத்தும் இல்லை. ராத்திரி தொட்டியில் கிடப்பது பச்சைத் தண்ணீர். அதிலிருந்து கசிய என்ன இருக்கிறது?

சூட்டையே குறைத்து வைத்தால் என்ன என்று நான் திருகாணியைத் திருகப் போனேன். வெதுவெதுப்பாக நிற்கும் தொட்டியில் கிருமி வளரும், 60-லேயே இருக்கட்டும் என்று அதையும் தடுத்துவிட்டாள். எனக்கு மிஞ்சியது எதுகை மட்டும்தான்.

அதற்கும் வழியில்லாமல் போனது. அடுப்படியில் இருந்தபடியே அம்மா, "கடைசியா குளிக்கிறவன் அடைச்சிட்டுக் குளி" என்றார். முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவர், இலக்கணம் படிக்காதவர். யார், எதை, எப்போது என்று மூன்றும் அதில் இருந்தன. நான் 'ஹீட்டரை' என்ற சொல்லை மட்டும் சேர்த்து, அடியில் என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் வரை சுவிட்சைத் தொடாமல் இருந்தால், மாதம் முப்பது யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். யூனிட் இருபது காசுக் கணக்கில் ஐந்தாறு வெள்ளி. இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் சாப்பிட்டால் அது தீர்ந்துவிடும் என்று மகன் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உண்மையான சிக்கல் வேறு. வாசகம் சுவரில் ஏறியதிலிருந்து வீட்டில் யாரும் கடைசி ஆளாக இருக்கச் சம்மதிப்பதில்லை. ஆறு மணிக்கே குளியலறை வாசலில் கூட்டம். மகன் முதலில் நுழைந்து தலைக்குக் குளிக்கிறான். மகள் பாடிக்கொண்டே குளிக்கிறாள். மனைவி, "என்னாங்க, நீங்கதானே எழுதுனீங்க" என்கிறாள். கடைசியாக அணைப்பவன் நான்தான். முன்னால் போனவர்கள் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்பது சோப்பு போட்ட பிறகுதான் தெரிகிறது. அதைவிடப் பெரிய விஷயம், விடியற்காலை குளிக்க நினைக்கும் நாளில் அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னாடியே யாராவது போர்வையை விட்டு எழுந்து அதைப் போட வேண்டும். அதற்கு வாசகம் எழுதச் சொல்லி இதுவரை சங்கம் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.