சின்னத் திருத்த மாமா

பெக்கான் நானாஸில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் எந்தத் தம்பிக்கும் இந்த மாமாவைத் தெரியும். குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார். மெல்பர்னில் இருப்பார். பணம் கட்டுவது அவர். ஆகவே சினிமா தெரிந்தவரும் அவரே.

முன்பெல்லாம் மாமா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார். “தம்பி, அந்தப் பாட்டு வர்ற இடம் இருக்குல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னால... சின்னத் திருத்தம்தான்.” ஆறு நிமிட வீடியோவில் பாட்டு வராத இடமே கிடையாது.

இப்போது தம்பி ஃபிரேம் ஐஓவில் ஏற்றி லிங்க் அனுப்புகிறார். அடோபி 2021இல் வாங்கிய அதே தளம்தான். மாமா படத்தை நிறுத்தி எழுதினால், அந்தக் கருத்து அந்த நேரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இந்தப் பக்கம் தம்பி அதைத் தட்டினால் படம் அங்கேயே போய் நிற்கும்.

ஆனால் மாமாவின் கட்டைவிரல் தாமதமானது. வினாடிக்கு 25 ஃபிரேம். ஒரு வினாடி பிந்தினாலே ஷாட் மாறிவிடும். 2:14இல் “இது வேண்டாம்” என்றிருந்தது. போய்ப் பார்த்தால் தாலி கட்டும் காட்சி! அவர் சொன்னது 2:13இல் கொட்டாவி விட்ட சகலையை. அன்றிலிருந்து தம்பியின் சட்டம்: வேண்டாத ஆளைத் திரையிலேயே வட்டம் போட்டுக் காட்டணும்.

மாமா வட்டம் போட்டார். லிங்க்கைக் குடும்பக் குழுவிலும் போட்டார். அதே சகலையை அத்தை வட்டமிட்டு, “இவர் இன்னும் கொஞ்ச நேரம் வரட்டும்” என்றார். இப்படி முட்டிக்கொண்டால் தம்பி கை வைப்பதில்லை. வீட்டுச் சண்டையை வீட்டில் முடித்து, ஒருவர் பெயரில் ஒரே முடிவாக எழுதச் சொல்வார். ஞாயிறு இரவோடு கருத்துப் பெட்டி மூடப்படும். அதற்குப் பிறகுதான் எடிட்டில் உட்காருவார். முதல் சுற்றில் எந்தக் காட்சி இருக்கும், எது போகும் என்பது மட்டும். நிறமும் பெயர்களின் எழுத்துப் பிழையும் இரண்டாவதில்தான். முன்னால் ஒரு காட்சி போனால் பின்னால் எல்லாமே நகருமே.

இரண்டாம் பதிப்பில் தொடக்கத்திலிருந்த அன்னாசித் தோட்டக் காட்சி 12 வினாடி போய்விட்டது. உடனே மாமாவின் அழைப்பு: “3:40ல நான் சொன்னதைச் செய்யவே இல்லையே!” செய்தாகிவிட்டது, ஆனால் அது இப்போது 3:28இல் இருக்கிறது. மாமா பார்த்தது போனில் இறக்கி வைத்திருந்த பழைய பதிப்பு. அடுத்த லிங்க்கில் தம்பி பதிவிறக்கத்தை அடைத்துவிட்டார்.

ஒப்பந்தப்படி இரண்டு சுற்று இலவசம், மூன்றாவதற்கு 150 வெள்ளி. இரண்டும் முடிந்தபின், நன்றி அட்டை வரும் 5:58இல் ஒரு கருத்து முளைத்தது: “என் பேர் மேல வரலாமே?”

“மாமா, இது மூணாவது சுற்று. காசு ஆகுமே?”

“திருத்தம் சொன்னாத்தானே தம்பி காசு? இது அபிப்பிராயம்!”