சாதி பார்க்காதவர்

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது நிறையக் கற்றுக்கொள்ளலாம். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டி தாண்டுகிற வரை யாரும் நகர முடியாது. பக்கத்து வண்டிக்காரர் பேசுவதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்படி ஒரு நாள் மாட்டிக்கொண்டபோதுதான் எங்கள் தெரு வீட்டுக்காரர் ஒருவரின் பெருமை எனக்கு முழுசாக விளங்கியது. மூன்று மாடி, ஆறு போர்ஷன். "நான் சாதியெல்லாம் பாக்குறதே இல்ல" என்றார். உண்மைதான். பதினைந்து வருடமாக யாரிடமும் அவர் சாதி கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பதினைந்து வருடமும் ஆறு போர்ஷனிலும் ஒரே வட்டத்து ஆட்களாகவே அமைந்திருக்கிறார்கள். பார்க்காமலே இப்படி அமைய ஒரு கொடுப்பினை வேண்டும்.

வடக்கே வீட்டுக்காரர்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. பெயரின் வாலைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நமக்கோ 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். நாளடைவில் ஊரே வாலை நறுக்கிக்கொண்டு இனிஷியலோடு நிற்கிறது. அந்த மாநாட்டால் எங்கள் வீட்டுக்காரருக்கு வந்த உழைப்பை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் பூர்விகத்தையே தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

அவர் தோண்டும் அழகை ஒருமுறை கூடவே இருந்து பார்த்தேன். வீடு கேட்டு வந்தது ஒரு தம்பி. மணலியில் வேலை, மனைவி, ஒரு கைக்குழந்தை. வாடகை 7,500, பத்து மாத அட்வான்ஸ் 75,000 ரூபாய் கையிலேயே இருந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் வருடத்து வாடகைச் சட்டம் சொல்கிறது. அது வேறு கதை, தம்பியும் அதைக் கிளப்பவில்லை. வீட்டுக்காரர் முதலில் சொந்த ஊர் கேட்டார். திருவண்ணாமலைப் பக்கம் என்று பதில் வந்தது. பக்கம் என்றால் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், கோயில் தெருவா, அதைத் தாண்டியா என்று போனது. பிறகு குலதெய்வம். பிறகு கல்யாணம் சொந்தத்திலா, வெளியிலா. அப்பா ஊரில் என்ன செய்கிறார், நிலம் உண்டா. கடைசியில் சாப்பாடு. "சைவம் மட்டும்" என்று போர்டு மாட்ட இங்கே வழியில்லை. காசிமேட்டு மீன் இல்லாமல் அவர் வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமை விடியாது. அதனால், "கறின்னா எல்லாக் கறியுமா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எவ்வளவு நாகரிகம் பாருங்கள். சாதி என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

மாசமானால் வாடகை வருமா, எத்தனை பேர் இருப்பீர்கள், ராத்திரி எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்ட வேண்டும் என்பதை மட்டும் அவர் கேட்கவே இல்லை. வீட்டைக் கொடுக்கிறவனுக்குத் தெரிய வேண்டியது இவைதானே என்று என்னைப் போன்ற அரைகுறைகள் நினைப்போம். குலதெய்வமா வாடகை கட்டப்போகிறது என்றும் கேட்போம். அவருடைய பார்வை ஆழமானது. வாடகை இன்றைக்கு வரும், நாளைக்கு நிற்கும்; பூர்விகம்தான் மாறாதது. அதை மாற்ற அந்தத் தம்பியால் எதுவும் செய்ய முடியாது. அதனாலேயே அதை வைத்து எடைபோடுவது நிச்சயமானது.

மறுப்பும் அவ்வளவு பதமாக வந்தது. "தப்பா நினைக்காதே தம்பி, ஊர்லேந்து தங்கச்சி குடும்பம் வருதாம். முன்னாடியே சொல்லி வெச்சிருந்தா." மறுநாளும் டு-லெட் போர்டு தொங்கியது. அந்தத் தங்கை எட்டு வருடமாக வந்துகொண்டிருக்கிறார். தம்பி புரிந்துகொண்டான் என்பது முகத்தில் தெரிந்தது, ஆனால் சண்டை போட ஒரு சொல்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. 1955ஆம் வருடத்து குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் தீண்டாமைதான் காரணம் என்று காட்ட வேண்டும். இங்கே காரணம் தங்கை. தங்கைமேல் வழக்குப் போட முடியுமா?

ஒற்றை மறுப்பை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதில்தான் இந்தக் கலையின் உயிரே இருக்கிறது. சில ஆய்வாளர்களுக்கு இது பொறுக்கவில்லை. சுகதேவ் தோரட்டும் நண்பர்களும் தில்லி வட்டாரத்தில் மேல்சாதி, தலித், முஸ்லிம் என மூன்று வகை ஆட்களை, வகைக்கு 493 பேராக, வாடகை வீடு கேட்க வைத்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. மேல்சாதிக்காரர்களுக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் கதவு திறந்தது. தலித்துகளில் ஐந்தில் இருவருக்கு மறுப்போ கூடுதல் நிபந்தனையோதான் கிடைத்தது. முஸ்லிம்களுக்கு நிலைமை அதைவிட மோசம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக, கண்ணியமாக, தங்கையைச் சொல்லி அனுப்பிய காரியத்தை யாரோ உட்கார்ந்து கூட்டிப் பார்த்துவிட்டார்கள். கூட்டினால்தான் தெரிகிற விஷயத்தைக் கூட்டுவது என்ன பண்பு? அந்தக் கணக்கிலும் ஒரு துண்டு விழுகிறது. எங்கள் பகுதியில் பாதி பேர் வீட்டு வாசல் வரைக்கும் வருவதே இல்லை. புரோக்கரே போனில் "அந்த வீடு போயிடுச்சுண்ணே" என்று வீட்டுக்காரரின் சுமையைக் குறைத்துவிடுகிறார்.

கம்பெனிக்காரர்கள் இன்னும் மேல். இதே தோரட்டும் பால் அட்வெலும் 2005 கடைசியில் தொடங்கி 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பு ஒன்றே, பெயர் மட்டும் வேறு. அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் மேல்சாதிப் பெயருக்கு 100 என்றால் தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33. அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லியில் பெரிய கம்பெனிகளின் ஆள்சேர்ப்பு அதிகாரிகளிடம் பேசினார்கள். தகுதி ஒன்றுதான் அளவுகோல் என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். கூடவே, குடும்பப் பின்னணியையும் கேட்போம் என்றார்கள். அப்பா என்ன வேலை, எங்கே வளர்ந்தீர்கள். எங்கள் வீட்டுக்காரர் அந்த நாற்காலியில் உட்காராதது தொழில் துறைக்கு நஷ்டம்.

உட்காராவிட்டாலும் அதற்கு எதிரே உட்கார்ந்த பிள்ளையைப் பெற்றிருக்கிறார். அன்றைக்கு கேட்டில் அவர் புலம்பியது அதைத்தான். பையன் பி.இ., நல்ல மார்க். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நேர்காணல். பதிலெல்லாம் சரியாகத்தான் சொன்னானாம். எந்த ஏரியா என்று கேட்டிருக்கிறார்கள். கொருக்குப்பேட்டை என்றதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களாம். சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. இப்போது பயோடேட்டாவில் அண்ணா நகர் சித்தி வீட்டு விலாசம்.

"வேலை தெரியுமான்னு பாரு, மார்க்கைப் பாரு. ஏரியா பேரை வெச்சு ஆளை எடை போடலாமா? அவன் அங்க பொறந்தது அவன் தப்பா? இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைச்சாக்கூட பரவால்ல. பையன் மூணு நாள் சரியா சாப்பிடல."

கேட்டுக்கொண்டே நின்றேன். சமநீதி பற்றி இவ்வளவு தெளிவாகப் பேச எனக்கு வராது. வேலைக்குச் சம்பந்தமில்லாததை எடையில் சேர்க்கக் கூடாது, அவனால் மாற்ற முடியாததற்கு அவனைத் தண்டிக்கக் கூடாது, இல்லை என்பதைவிட அதைச் சொன்ன விதம் ஒருவனைச் சின்னவனாக்கிவிடும். மூன்றும் வந்துவிட்டன, அதுவும் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே.

மணி அடித்தது, கேட் மெல்ல ஏறியது. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டே திரும்பினார்.

"மூணாவது மாடி ரெண்டு மாசமா காலியா கெடக்கு. யாராச்சும் நல்ல குடும்பமா இருந்தா சொல்லு."