நூற்றுக்கு நூறு, நெருப்போடு

கேள்வி: சாதாரண தரப் பரீட்சையில் 9 ஏ எடுத்த தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் 🔥🔥💯 போட்டேன். "கிண்டலா அண்ணா?" என்கிறாள். என்ன பிழை?
— ஒரு வாசகர், பசறை

பதில்: வீதிக் குழிக்கும் வராத பஸ்ஸுக்கும் அதே 🔥💯 தானே போட்டு வந்தீர்கள்? 💯 என்பது ஜப்பானிய ஆசிரியர்கள் விடைத்தாளில் சிவப்பு மையில் எழுதும் முழுப்புள்ளி. 2010இல் யூனிகோடில் சேர்ந்தது. எல்லாருக்கும் நூறு என்றால் நூறு வெறும் பாஸ் மார்க். அதற்கு மேல் எதைப் போட்டாலும் கேலியாகத்தான் தெரியும். நெருப்பும் அப்படித்தான். ஆகஸ்ட் வரட்சியில் ஊவாவின் மலைப்புல் பற்றி எரியும்போது, எல்ல மலைப் படத்தின் கீழே 🔥 கண்டால் அது பாராட்டா, எச்சரிக்கையா? தங்கச்சிக்கு ஒரே ஒரு 🔥 போட்டு, "கணக்கிலும் ஏ எடுத்தாயே, கெட்டிக்காரி!" என்று எழுதுங்கள். கிண்டல் செய்கிறவன் அவ்வளவு தூரம் டைப் பண்ண மாட்டான்.