துடைப்பத்துக்கும் குலுக்கல்

கேள்வி: தூய்மைத் திட்டத்தை மருத்துவமனைகளில் ஒரே நாளில் தொடங்காமல், குலுக்கல் போட்டு வரிசையாகத் தொடங்குவது ஏன்?

பதில்: பயிற்சி தருபவர்கள் சிலரே. ஆஸ்திரேலியாவில் 2016-17ல் 11 மருத்துவமனைகளில் இப்படித்தான் நடந்தது. அங்கே சுத்தத்தைச் சோதிக்க ஒரு வழி: கட்டில் கம்பியில் கண்ணுக்குத் தெரியாத பசையைத் தடவி, துடைத்த பிறகு புற ஊதா விளக்கடித்தால் துடைத்த லட்சணம் தெரிந்துவிடும்! எல்லோருக்கும் திட்டம் உண்டு. முறைக்குக் காத்திருப்பவர்களே ஒப்பீட்டுக்கு ஆள். வம்பு கணக்கில்தான். 'முன்' மாதங்கள் தொடக்கத்திலும் 'பின்' மாதங்கள் கடைசியிலும் குவியும். இடையில் தொற்று தானாகவே குறைந்தால், பெயர் துடைப்பத்துக்கு! அதனால் அதே மாதத்தில் தொடங்கியவர்களையும் தொடங்காதவர்களையும் ஒப்பிடும்படி, காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் தொற்று குறைந்தது. கண்காணித்த மற்ற இரண்டு கிருமிகள் அசைந்ததாகச் சொல்ல முடியவில்லை.